பருவுக்கு ஒரு கை, தழும்புக்கு ஒரு கை

கல்யாணப் பெண்ணின் முகப்படத்தைத் திரையில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் பெண் காணாமல் போய்விடுவாள். மோவாய் மட்டும் திரை முழுக்க மேடாக நிற்கும். அதில் மயிர்த்துளைகள், பூனைமுடி, பவுடர் துகள், இரண்டு நாள் முன்பு கிளம்பிய பரு எல்லாம் இருக்கும். ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்ப்பவர்களின் பாதி நாள் இந்த மேட்டில்தான் கழியும்.

போன தை மாதம் அப்படி ஒரு படம் வந்தது. நெருக்கமாக எடுத்த முகம். மோவாயில் இரண்டு பரு, இடது கன்னத்தில் பழைய பரு விட்டுப்போன நாலைந்து சின்னக் குழிகள், அதன் பக்கத்திலேயே பழுப்புப் புள்ளிகள், இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு வெட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: “அண்ணே, பருவ எடுத்துருங்க. ஆனா மூஞ்சிய மாவு பூசுன மாதிரி ஆக்கிராதீங்க. நிச்சயதார்த்த போட்டோவுல அப்படித்தான் ஆச்சு.”

“புருவத்துல இருக்கறதும்மா?”

“அது இருக்கட்டும். சின்ன வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்தது. அது இல்லன்னா எங்க அப்பாவுக்கே அடையாளம் தெரியாது.”

பாதி வேலை அந்தப் பேச்சிலேயே முடிந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதத்தில் தானே போய்விடக்கூடியது என்றால் கேட்காமலே எடுக்கலாம். போகாது என்றால் ஆளைக் கேட்ட பிறகுதான் கைவைக்க வேண்டும். பரு, கொசுக்கடி, உதட்டு வெடிப்பு எல்லாம் முதல் வகை. மச்சமும் தழும்பும் இரண்டாவது. பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதிக் கொடுத்ததை நாம் பாட்டுக்கு அழித்துவிடக் கூடாது.

மாவு பூசிய முகம் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். போன் கேமராவின் அழகூட்டும் வசதியும், ஒரே தட்டில் தோலை வழவழப்பாக்கும் ஆப்களும் பெரும்பாலும் செய்வது ஒரே காரியம்தான். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கின்றன. கண்ணிமை, உதட்டு ஓரம் போல வெளிச்ச வித்தியாசம் பெரிதாக உள்ள இடங்களை மட்டும் விட்டுவிடுகின்றன. மயிர்த்துளையின் வித்தியாசம் மிகச் சிறியது; ஆகவே சராசரியில் முதலில் அடிபடுவது அதுதான். பருவோ பெரியது, அழுத்தமான சிவப்பு. அது முழுசாகப் போகாமல் மங்கலான திட்டாக மிஞ்சிவிடும். இருக்க வேண்டியது போய், போக வேண்டியது அரைகுறையாக நிற்கிறது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டால் இது இன்னும் விளங்கும். இந்தப் படம் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது. நீளவாக்கில் 6000 புள்ளி. அதில் நெற்றி முடியோரத்திலிருந்து மோவாய் வரை சுமார் 3500 புள்ளி. நிஜ முகத்தில் அது 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்குப் பதினேழு புள்ளிக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. நாலு மில்லிமீட்டர் பரு ஏறக்குறைய 70 புள்ளி அகலம். ஒரு மயிர்த்துளை மூன்று, நாலு புள்ளிதான். இரண்டும் இருபது மடங்கு வித்தியாசமான உருப்படிகள். ஒன்றைத் தொடாமல் மற்றதை எடுக்க முடிவது இந்த இடைவெளியால்தான்.

மோவாய்ப் பருவுக்கு வருவோம். இதற்கு உள்ள கருவி ஃபோட்டோஷாப்பில் `Healing Brush`. 2002-இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் இது முதலில் சேர்ந்தது. அதற்கு முன்பு `Clone Stamp` மட்டும்தான். அது ஓரிடத்தை அப்படியே பெயர்த்து இன்னோரிடத்தில் ஒட்டும். வெளிச்சமான கன்னத்திலிருந்து எடுத்து நிழலான மோவாயில் வைத்தால் வெள்ளை ஒட்டுப்போட்டது போல் நிற்கும். ஹீலிங் பிரஷ் எடுத்த இடத்திலிருந்து தோலின் சொரசொரப்பை மட்டும் கொண்டுவருகிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கும் இடத்தின் விளிம்பைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது.

விளிம்பைப் பார்த்து என்பதுதான் இதில் சூட்சுமம். பருவைச் சுற்றி எப்போதும் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். பிரஷ் வட்டம் பருவின் முனையை மட்டும் மூடி, அதன் ஓரம் அந்த வளையத்தில் உட்கார்ந்துவிட்டால், கருவி சிவப்பையே விளிம்பு நிறம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே பரப்பிவிடும். பரு போய் ரத்தக்கட்டு போல ஒரு திட்டு வரும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதன்மேல் மறுபடி மறுபடி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் தோல் இன்னும் குழையும். நான் வட்டத்தை வளையத்துக்கும் வெளியே, நல்ல தோலில் உட்காரும்படி பெரிதாக்கிக்கொள்வேன். இந்தப் பருவுக்கு 90 புள்ளி வைத்தேன். ஒரே அடி.

பிரஷ்ஷின் ஓரம் மெத்தென்று இருந்தால் நன்றாகக் கலக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் பல வருஷம் தோன்றியது. மெத்தென்ற ஓரத்தில் புதிய தோலும் பழைய தோலும் பாதிப்பாதியாக ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இரண்டு சொரசொரப்பு பாதிப்பாதி கலந்தால் இரண்டும் மங்கும். ஒட்டிய இடத்தைச் சுற்றி வழுவழுவென்று ஒரு மோதிரம் தெரியும். கலக்கும் வேலையைக் கருவியே பார்த்துக்கொள்வதால் ஓரம் கெட்டியாக இருக்கலாம். `Hardness` நூறுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

அடுத்தது, எங்கிருந்து எடுப்பது. முகம் முழுக்க ஒரே துணி இல்லை. மூக்கோரத்துக் கன்னத்தில் துளைகள் பெரியவை. காதுப் பக்கம் போகப்போக நெருக்கமாகிச் சிறுத்துவிடும். கண்ணுக்குக் கீழே துளையே தெரியாது, மெல்லிய கோடுகள்தான். நெற்றியில் கோடுகள் படுக்கைவாக்கில் ஓடும். மோவாய்ப் பருவுக்குக் கன்னத் தோலை வைத்தால் நிறம் பொருந்தும், நெசவு பொருந்தாது. பார்க்கிறவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஏதோ உறுத்தும். ஆகவே பருவுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, அதே மாதிரி வெளிச்சம் விழுகிற இடத்தில் `Alt` விசையை அழுத்திச் சொடுக்கி எடுக்கிறேன். அடுத்த பருவுக்கு அதே இடத்திலிருந்து எடுப்பதில்லை. எடுத்தால் ஒரே துளைக்கூட்டம் இரண்டிடத்தில் அச்சாக நிற்கும். கோலப்பொடி அச்சு உருட்டிய மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் அசல் படத்தின் மேலேயே செய்யக் கூடாது. மேலே வெறும் லேயர் ஒன்று திறந்து, கருவியின் `Sample` பெட்டியில் `Current & Below` என்று வைத்துக்கொண்டால் ஒட்டுகள் எல்லாம் அந்தத் தனித் தாளில் விழும். வீட்டில் போய் மனசு மாறி, அந்த மச்சம் வேண்டும் என்று போன் வந்தால் அந்த இடத்தை மட்டும் அழித்தால் போதும். அப்படி நிறைய போன் வந்திருக்கிறது.

இரண்டாவது பரு உதட்டுக்குக் கீழே, உதட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அங்கே ஹீலிங் பிரஷ் உதவாது. அதன் வட்டம் உதட்டைத் தொட்டதுமே உதட்டுச் சிவப்பையும் விளிம்பு நிறமாக எடுத்து மோவாயில் இழுகிவிடும். மூக்குத் துவாரம், புருவம், தாடி ஓரம் எங்கேயும் இதே கதைதான். அந்த மாதிரி இடத்தில் பழைய குளோன் ஸ்டாம்பே கதி. சின்ன வட்டம், பக்கத்திலேயே அதே வெளிச்சத்தில் உள்ள தோல், மெதுவாக இரண்டு மூன்று தொடல். உதட்டுக் கோடு கலையாமல் பரு போயிற்று. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலும் இந்த இரண்டு கருவியும் உண்டு. போனில் என்றால் ஸ்னாப்சீடில் `Healing` இருக்கிறது. எங்கிருந்து எடுப்பது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். படத்தை நன்றாகப் பெரிதாக்கிவிட்டு ஒவ்வொரு பருவாகத் தொட்டால் வழவழப்பு ஆப்களைவிட எவ்வளவோ மேல்.

இனி கன்னக் குழிகள். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். பரு போன கையோடு குழிகளையும் ஹீலிங் பிரஷ்ஷால் அடித்துத் தள்ளுகிறார்கள். நாலைந்து ஒட்டு நெருக்கமாக விழும்போது, ஒன்றின் எடுப்பு இடம் இன்னொன்றின் ஒட்டாகவே இருக்கும். நகலின் நகல். கன்னம் பிசுபிசுத்துப் போகும்.

இதற்கு வழி எனக்குக் கணினிக்கு முன்பே சொல்லித்தரப்பட்டது. அப்போது அது கணினிக்கும் உதவும் என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோவில் ஒரு வயதானவர் பெரிய நெகடிவ்களில் டச்சிங் செய்வார். சாய்வான மரச்சட்டத்தில் ஒரு கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப இன்னொரு கண்ணாடி. பென்சில் பிடிப்பதற்காக நெகடிவின் மேல் ஒரு பிசின் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார். பென்சில் முனையை உப்புத்தாளில் உரசி ஊசி நீளத்துக்குச் சீவி வைத்திருப்பார். நெகடிவில் வெளிச்சம் கருப்பு, நிழல் வெளுப்பு. முகத்தில் ஒரு குழியின் நிழல் அங்கே வெளுத்த பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டுக்குள் மட்டும் பென்சிலால் காற்புள்ளி காற்புள்ளியாகத் தொடுவார். அச்சில் அந்த நிழல் ஏறி வந்து சுற்றியுள்ள தோலோடு சேர்ந்துவிடும். தோலை அவர் அழிப்பதுமில்லை, வேறெங்கிருந்தும் கொண்டுவருவதுமில்லை. இருக்கிற தோல்மேல் வெளிச்சம் மட்டும் கூட்டினார்.

குழி படத்தில் தெரிவதற்குக் காரணமே அந்த வெளிச்ச வித்தியாசம்தான். இந்தப் படத்தில் விளக்கு இடதுபக்கம் மேலே இருந்தது. குழி என்றால் விளக்கை ஒட்டிய கரை நிழலில் இருக்கும், எதிர்க்கரை மினுங்கும். மேடு என்றால் நேர்மாறு: விளக்கு பக்கம் மினுக்கம், அந்தப்பக்கம் நிழல். இதை வைத்தே பருவா குழியா என்று சொல்லிவிடலாம். குழிக்குள்ளும் தோல் இருக்கிறது, துளை இருக்கிறது. நிழல் கரையை ஏற்றி, மினுங்கும் கரையை இறக்கினால் குழி ஆழம் குறைந்து கண்ணுக்கு மட்டமாகும். தோல் இருந்தபடி இருக்கும்.

கணினியில் இதற்கு இரண்டு `Curves` லேயர் வேண்டும். ஒன்றில் கோட்டின் நடுவைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கிறோம். படம் முழுக்க வெளுக்கும். மற்றதில் கீழே இறக்குகிறோம், முழுக்கக் கருக்கும். இரண்டின் மாஸ்க்கையும் `Ctrl+I` கொடுத்துக் கருப்பாக்கினால் இரண்டும் மறைந்துவிடும். இனி வெள்ளை பிரஷ்ஷால் மாஸ்க்கில் எங்கே தொடுகிறோமோ அங்கே மட்டும் அந்த வெளுப்போ கருப்போ கசியும். பிரஷ்ஷின் `Flow` மூன்று சதவீதம்தான். ஒரு தொடலில் எதுவுமே தெரியாது; பத்துப் பதினைந்து தொடலில் தெரியும். பென்சில் காற்புள்ளியும் அப்படித்தான்.

பெரிய குழி இரண்டு மில்லிமீட்டர், அதாவது 35 புள்ளி அகலம். அதில் நிழல் பிறைபோலப் பத்துப் புள்ளிதான். பிரஷ் எட்டுப் புள்ளி வைத்துப் பிறைக்குள்ளேயே நின்று தொட்டேன். பிறையைவிடப் பெரிய பிரஷ் எடுத்தால் நிழலோடு அக்கம்பக்கமும் வெளுத்து, குழியைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடும். முக்கால்வாசி நிழல் போனதும் நிறுத்திவிட்டேன். முழுக்கச் சமன் செய்தால் அந்த இடம் மட்டும் தகடு தட்டியது போலாகும். மிச்சக் கன்னத்துக்கும் மேடுபள்ளம் உண்டே.

நம் நிறத்துத் தோலில் ஒரு தொல்லை, கருக்கும் லேயரைத் தொட்ட இடம் செம்மை தட்டும். நிறச்செறிவும் சேர்ந்து ஏறுவதுதான் காரணம். அந்த லேயரின் கலப்பு முறையை `Luminosity` என்று மாற்றினால் வெளிச்சம் மட்டும் இறங்கும், நிறம் அசையாது.

பழுப்புப் புள்ளிகளுக்கு மேடும் இல்லை, குழியும் இல்லை. பரு ஆறிய இடத்தில் நிறமி தங்கிவிட்டது. மாநிறத் தோலில் இது மாதக்கணக்கில் நிற்கும். தோல் நெசவு அங்கே நன்றாகவே இருக்கிறது, நிறம்தான் தப்பு. அதைப் பெயர்த்து எடுப்பானேன்? முதலில் வெளுக்கும் லேயரில் சில தொடல். பிறகு `Color` கலப்பில் ஒரு வெறும் லேயர் வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, பதினைந்து சதவீத அழுத்தத்தில் இரண்டு முறை பூசினேன். அந்தக் கலப்பு கீழே உள்ள வெளிச்சம்–நிழலைத் தொடாது. நிறத்தை மட்டும் மாற்றும். துளை துளையாகவே இருந்தது, பழுப்பு போயிற்று.

நிறத்தையும் நெசவையும் இரண்டு லேயராகப் பிரித்துக்கொண்டு வேலை செய்யும் ‘ஃப்ரீக்வென்ஸி செபரேஷன்’ பற்றிக் கேட்பார்கள். படத்தை மங்கலாக்கிய நகலில் நிறமும் நிழலும் ஒரு லேயராக, அதிலிருந்து கழித்த நுண்விவரம் இன்னொரு லேயராகப் பிரியும். நல்ல உத்திதான், கை பதமாக இருந்தால். ஆனால் பலர் கீழ் லேயரைக் கண்டபடி மங்கலடித்துவிட்டு, மேல் லேயரில் துளை இருக்கிறதே, இயற்கையாகத்தானே இருக்கிறது என்பார்கள். கன்னத்தின் திரட்சி, மூக்கோர மடிப்பு, சிரிப்பின் நிழல் எல்லாம் கீழ் லேயரில்தான் வாழ்கின்றன. அவை கரைந்த பிறகு மேலே துளை மட்டும் நின்றால் மெழுகுப் பொம்மைக்கு ஊசியால் குத்திய மாதிரி இருக்கும். மாவு பூசிய முகத்தைவிட அதுதான் எனக்கு அருவருப்பு.

முகம் முழுக்கப் பரு என்றால் என்ன செய்வது? நல்ல தோலே எடுக்கக் கிடைக்காத முகங்கள் வரும். அப்போது எண்ணி நாலைந்து பெரியவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதில் `Hue/Saturation` வழியாகச் சிவப்பை மட்டும் பாதி குறைப்பேன். மேடு இருக்கும், கண்ணை இழுக்கும் சிவப்பு இருக்காது. அதற்கு மேல் போனால் வேறொருவரின் முகம் வந்துவிடும். உண்மையில் பாதி வேலை எடுக்கும்போதே நடக்க வேண்டியது. பக்கவாட்டில் சின்ன விளக்கு வைத்தால் ஒவ்வொரு துளைக்கும் நிழல் விழும். முகத்துக்குப் பக்கத்தில், முன்புறமாக, அகலமான மெல்லிய வெளிச்சம் வைத்தால் குழிகள் பாதி தானே அடங்கும். இன்னொன்று: போன் கேமரா ஏற்கெனவே தோலை வழித்துவிட்ட படத்தில் துளையை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? புள்ளி தூவலாம், அது தூசியாகத்தான் தெரியும்.

வேலை முடிந்ததா என்று பெரிதாக்கிய திரையில் தெரியாது. முகம் முழுதும் கைப்பிடி அளவுக்குத் தெரியும்படி சுருக்கிப் பார்ப்பேன். ஒட்டு தவறாக இருந்தால் சின்னதாகப் பார்க்கும்போது திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். இன்னும் சந்தேகம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் வைத்து வித்தியாசத்தைக் கண்டபடி ஏற்றுவேன். முகம் கோரமாகும், ஒட்டின் விளிம்பெல்லாம் வெளியே வரும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை எறிந்துவிடலாம். கடைசியாக ஒட்டுத் தாளையும் கர்வ்ஸையும் அணைத்து அணைத்துப் பார்ப்பேன். அணைத்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். போட்டபடி பார்த்தால் டச்சிங் நடந்ததே தெரியக் கூடாது.

இந்த ஒரு முகத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. முந்நூறு படம் உள்ள ஆல்பத்தில் எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. கூட்டத்தோடு நிற்கும் படத்தில் பரு இரண்டு புள்ளிதான். பெரிதாக அச்சிடப்போகிற பத்து நெருக்கப் படங்களுக்குத்தான் இந்தப் பாடு.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அச்சை வாங்க அந்தப் பெண் அப்பாவோடு வந்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். புருவத்து வெட்டின்மேல் விரல் வைத்து, “ஊஞ்சல்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது அவள் கேட்டாள், மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும், இதிலிருந்தே வெட்டிக் கொடுக்க முடியுமா என்று. பாஸ்போர்ட் படத்தில் முகத்தைத் திருத்தக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. தவிர இந்தப் படத்தில் தலையும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சுவர் ஓரமாக நிமிர்ந்து உட்காரவைத்துப் புதிதாக ஒன்று எடுத்து, தொடாமல் அச்சடித்துக் கொடுத்தேன். நெற்றியில் புதிதாக ஒரு பரு கிளம்பியிருந்தது.